மேலாளர் போனார், ஐந்து பார்ட்டிகள் போயின: ஒரு பார்வர்டிங் நிறுவனத்தில் நான்-காம்பீட்டும் நான்-சாலிசிட்டும்

நான் தூத்துக்குடியில் சிறு நிறுவனங்களின் ஒப்பந்த வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர். இதில் வரும் நிறுவனத்துக்காக ஆஜரானவன். உரிமையாளரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆட்களையும் நிறுவனங்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். இது கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்த விவகாரம், தீர்ப்பு எதுவும் வரவில்லை. ஆனால் வேலையை விட்டுப் போகிறவரை எதிலிருந்து தடுக்கலாம், எதிலிருந்து தடுக்கவே முடியாது என்பது இதில் நன்றாகத் தெரிந்தது.

பின்னணி

நிறுவனத்தில் 22 பேர். ஏற்றுமதியாளரின் சரக்குக்குக் கப்பல் கம்பெனியிடம் இடம் பிடிப்பது, கன்டெய்னர் வரவழைப்பது, ஷிப்பிங் பில் போட்டுச் சுங்கத்தில் கிளியர் செய்வது, சரக்கு கப்பலேறும்வரை கூடவே நிற்பது. இதுதான் தொழில். கோவில்பட்டித் தீப்பெட்டி, பொள்ளாச்சித் தென்னைநார், கரூர் வீட்டு ஜவுளி, இராஜபாளையம் பேண்டேஜ் துணி, உள்ளூர் முந்திரி என்று 31 பார்ட்டிகள். வாடிக்கையாளரை இங்கே யாரும் வாடிக்கையாளர் என்று சொல்வதில்லை, பார்ட்டிதான்.

விலகியவர் விற்பனையும் ஆப்பரேஷனும் சேர்த்துப் பார்த்த மேலாளர். ஆவணப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து ஏழு வருடத்தில் அந்த இடத்துக்கு வந்தவர். 31 பார்ட்டிகளில் 14 அவர் கையில் இருந்தன. அந்த 14 பேரும் கூப்பிடுவது அவருடைய சொந்த எண்ணுக்குத்தான். கம்பெனி சிம் என்று ஒன்று கொடுத்ததே இல்லை. முதலில் இதைச் சின்ன விஷயமாகத்தான் நினைத்தேன். பிறகு பாதி விவகாரம் இதில்தான் நின்றது.

அவருடைய நியமனக் கடிதம் சென்னையில் வேறொரு கம்பெனியின் கடிதத்தைப் பார்த்து எழுதியது. அதில் இரண்டு ஷரத்துகள் முக்கியம். 14ஆவது ஷரத்து, வேலையை விட்ட நாளிலிருந்து இரண்டு வருடம் தமிழ்நாட்டுக்குள் எந்த பார்வர்டிங், கிளியரிங், லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்திலும் சேரக் கூடாது, மீறினால் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. இது முழு நான்-காம்பீட். 15ஆவது ஷரத்து ஒரே வரி: நிறுவனத்தின் வாடிக்கையாளர்களையோ ஊழியர்களையோ தன் பக்கம் இழுக்கக் கூடாது. இதுதான் நான்-சாலிசிட். எத்தனை காலத்துக்கு, எந்த வாடிக்கையாளர்கள், இழுப்பது என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கிடையாது.

விலகல்

ஜூன் 3ஆம் தேதி ராஜினாமா கொடுத்தார். ஒரு மாத நோட்டீஸ். எங்கே போகிறார் என்பது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது: அதே ஊரில், அதே தொழிலில் இருக்கும் இன்னொரு நிறுவனம். கோபத்தில் உரிமையாளர் ஜூன் 5ஆம் தேதி மாலை, "நாளையில இருந்து வராதே" என்று அனுப்பிவிட்டார். நோட்டீஸ் காலச் சம்பளம் கொடுக்கவில்லை. ரிலீவிங் கடிதத்தையும் கிராஜுவிட்டியையும் நிறுத்தி வைத்தார். 14 பார்ட்டிகளுக்கும் இனி உங்கள் வேலையை இன்னார் பார்ப்பார் என்று யாரும் சொல்லவில்லை.

என்னிடம் வந்தது ஜூலை நடுவில். அதற்குள் ஐந்து பார்ட்டிகளின் புக்கிங் நின்றுபோயிருந்தது. ஊழியர்களில் இரண்டு பேர் போயிருந்தார்கள்.

"வக்கீல் சார், அவன் இனிமே இந்த ஊர்ல பார்வர்டிங்கே பண்ணக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கான்ல, ரெண்டு வருஷம்" என்றார்.

"அண்ணாச்சி, அந்தக் கையெழுத்தை விட்டுருவோம். அதை வச்சு ஒண்ணும் நடக்காது. மத்தது என்ன இருக்குன்னு பாப்போம்" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை.

14ஆவது ஷரத்தை ஏன் விட்டோம்

1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு சின்னது. ஒருவரைச் சட்டப்படியான தொழிலையோ வியாபாரத்தையோ செய்ய விடாமல் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்தத் தடுப்பின் அளவுக்குச் செல்லாது என்கிறது. அந்தப் பிரிவுக்குள்ளேயே தந்திருக்கும் விலக்கு ஒன்றுதான்: ஒரு வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்றவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே வியாபாரத்தைச் செய்ய மாட்டேன் என்று வாங்கியவருக்குத் தரும் உறுதி. நம் மேலாளர் எதையும் விற்கவில்லை. அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்.

உரிமையாளர் அடுத்துக் கேட்டது, "ரெண்டு வருஷம் அதிகம்னா ஆறு மாசம்னு கேப்போமே" என்பது. இங்கிலாந்துச் சட்டத்தில் தடை நியாயமான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. நம்முடைய 27ஆவது பிரிவில் நியாயமான அளவு என்ற பேச்சே இல்லை. வேலைக்காலம் முடிந்த பிறகு தொழிலே செய்யக் கூடாது என்றால், அது இரண்டு வருடமானாலும் ஆறு மாதமானாலும் ஒன்றுதான். ஒருவர் வேலையில் இருக்கும்போது போட்டிக் கம்பெனிக்கும் வேலை செய்யக் கூடாது என்பது வேறு, அது செல்லும். உச்ச நீதிமன்றம் 1967இல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் அப்படிப்பட்ட தடையை ஏற்றுக்கொண்டது. அங்கே ஒப்பந்தக் காலமான ஐந்து வருடம் இன்னும் முடிந்திருக்கவில்லை. வேலை முடிந்த மறுநாள் எல்லாம் மாறிவிடுகிறது.

1980இல் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில் வந்த ஷரத்து நம் 14ஆவது ஷரத்துக்குப் பக்கத்தில் வரக்கூடியது: கடைசியாக வேலை பார்த்த ஊரில் இரண்டு வருடம் போட்டித் தொழில் கூடாது. கம்பெனி தோற்றது. ஒரு நீதிபதி 27ஆவது பிரிவின்படியே அது செல்லாது என்று விரிவாக எழுதினார். மற்ற இருவர் அதற்குள் போகாமலே முடித்தார்கள். ஷரத்தில் இருந்தது "விட்டுச் சென்றால்" என்ற சொல், ஊழியரைக் கம்பெனியே வெளியே அனுப்பியதற்கு அது பொருந்தாது என்றார்கள். இதைப் படித்துவிட்டு ஜூன் 5ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பார்த்தேன். ராஜினாமா அவர் கொடுத்ததுதான், ஆனால் கடைசி நாளை முடிவு செய்தது உரிமையாளர். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தது.

பத்து லட்சத்தையும் விட்டுவிடச் சொன்னேன். அடிப்படைத் தடையே செல்லாதபோது அதற்கான அபராதமும் நிற்காது. செல்லுபடியாகும் ஷரத்தில் இப்படி ஒரு தொகை எழுதியிருந்தாலும்கூட, 74ஆவது பிரிவின்படி அது உச்ச வரம்புதான். நியாயமான நஷ்டஈடு அதற்குள்தான் கிடைக்கும், முழுத் தொகையும் தானாக வந்துவிடாது.

என்னென்ன நடந்திருந்தது

15ஆவது ஷரத்து வேறு மாதிரி. அது தொழில் செய்யாதே என்று சொல்லவில்லை. தொழிலைச் செய், ஆனால் எங்கள் பார்ட்டியிடம் நீயாகப் போய்க் கேட்காதே என்கிறது. அவர் அடுத்த தெருவில் இதே வேலையைப் பார்க்கலாம், புதுப் பார்ட்டிகளைப் பிடிக்கலாம். 2009இல் டெசிகன்ட் ரோட்டர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தக் கோட்டைத்தான் போட்டது. மார்க்கெட்டிங் பார்த்த மேலாளர் போட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பதைத் தடுக்க மறுத்தது. பழைய கம்பெனியின் வாடிக்கையாளர்களையும் சப்ளையர்களையும் போட்டி வியாபாரத்துக்காக அணுகக் கூடாது என்ற தடையை மட்டும் நிற்க விட்டது. டெல்லித் தீர்ப்பு தூத்துக்குடி கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். எல்லா நீதிமன்றங்களும் இந்த ஷரத்தை ஒரே கண்ணோடு பார்ப்பதும் இல்லை. அதனால் நம் கையில் இருப்பது உறுதியான ஆயுதம் என்று உரிமையாளரை நம்ப விடவில்லை.

கேள்வி அப்போது இப்படி மாறியது: போன ஐந்து பார்ட்டிகளில் எத்தனை பேரை அவர் இழுத்தார், எத்தனை பேர் தாமாகப் போனார்கள்? ஒரு பார்ட்டி போய்விட்டது என்பதாலேயே இழுத்தார் என்று ஆகிவிடாது. முதலில் பேச்சை எடுத்தது யார், என்ன கொடுக்கிறேன் என்று சொன்னார், எப்போது சொன்னார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் அதைத்தான் செய்தோம்.

பொள்ளாச்சித் தென்னைநார்ப் பார்ட்டிக்கு ஜூன் 17ஆம் தேதி வாட்ஸ்அப் போயிருந்தது. அவர்கள் உங்களுக்குத் தரும் ரேட்டைவிட கன்டெய்னருக்கு 45 டாலர் குறைவாகத் தருகிறேன், அதே லைன், அதே கப்பல், அடுத்த புக்கிங்கை எனக்கு அனுப்புங்கள் என்று. கரூர் பார்ட்டிக்கும் அதே நாள், நான்கு நிமிடம் கழித்து, அதே வாசகம். இன்னும் இரண்டு பார்ட்டிகளுக்கும் அதே செய்தி போயிருந்தது. அவர்கள் போகவில்லை, ஸ்கிரீன்ஷாட்டை உரிமையாளருக்கு அனுப்பியதே அவர்கள்தான். போன பார்ட்டி உங்களுக்குச் சாட்சி சொல்லாது. இருக்கும் பார்ட்டியிடம்தான் சாட்சியம் இருக்கும். முதலில் அங்கே கேட்க வேண்டும் என்பதை இதில் கற்றுக்கொண்டேன். ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல், அந்தச் செய்தியை அழிக்காமல் போனிலேயே வைத்திருக்கச் சொன்னோம். கோர்ட்டுக்குப் போனால் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆவது பிரிவுச் சான்றிதழோடு கொடுக்க வேண்டி வரும்.

கோவில்பட்டித் தீப்பெட்டிப் பார்ட்டியின் கதை வேறு. ஜூன் 9ஆம் தேதி அவர்களே மேலாளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்: "அண்ணே, நாளைக்கு ஸ்டஃபிங், கன்டெய்னர் இன்னும் வரலியே?" அவர் வேலையை விட்டதே அவர்களுக்குத் தெரியாது. "நான் இப்ப அங்க இல்லண்ணே, வேற இடத்துல சேந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் அவர்களாகவே புது இடத்தின் ரேட்டைக் கேட்டிருக்கிறார்கள். இது இழுப்பது ஆகாது. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில். கைமாற்றம் ஒழுங்காக நடந்திருந்தால் அந்த அழைப்பு நம் ஆபீசுக்கு வந்திருக்கும். அவர் சொந்த எண் என்று முன்னால் சொன்னேனே, அது இதற்குத்தான்.

இராஜபாளையம் பார்ட்டி அந்த வருடத் தொடக்கத்திலேயே தாமதம் பற்றி இரண்டு முறை மெயிலில் குறை சொல்லியிருந்தார்கள். போகப் போகிறவர்கள் போனார்கள். முந்திரிப் பார்ட்டி பற்றி எந்தப் பக்கமும் ஆதாரம் இல்லை.

இதையெல்லாம்விடப் பெரியது மெயில் சர்வரில் இருந்தது. ஜூன் 2ஆம் தேதி இரவு, ராஜினாமாவுக்கு முந்தைய நாள், 14 பார்ட்டிகளின் ரேட் ஷீட்டைத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருந்தார். கப்பல் கம்பெனி நமக்குத் தரும் ரேட்டும் நாம் பார்ட்டிக்குச் சொல்லும் ரேட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஷீட். 45 டாலர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இது நான்-காம்பீட்டும் இல்லை, நான்-சாலிசிட்டும் இல்லை. வேலையில் இருந்தபோதே செய்த ரகசிய மீறல். 27ஆவது பிரிவு இதில் அவருக்கு உதவாது. ஆனால் இதிலும் ஒரு எல்லை உண்டு. 2006இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஒரு முன்னாள் ஊழியர் மீது தொடுத்த வழக்கில், வாடிக்கையாளர் தகவல் அவருக்குத் தெரியும் என்பதை வைத்து அவர் வேறு இடத்துக்குப் போவதைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. ஏழு வருடத்தில் தலையில் ஏறியதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. பொள்ளாச்சியில் யார் தென்னைநார் அனுப்புகிறார்கள் என்பதும் ரகசியம் இல்லை, ஊருக்கே தெரியும். காகிதமாகவோ பைலாகவோ எடுத்துப் போன ரேட் ஷீட் மட்டும்தான் நம் பிடி.

ஊழியர்கள் விஷயம்

போன இருவரில் ஒருவர் ஆவணப் பிரிவுப் பையன். புது நிறுவனம் வேலைவாய்ப்புத் தளத்தில் போட்ட விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தவர். மற்றவரை மேலாளரே போனில் அழைத்து, ஆறாயிரம் கூடுதல் சம்பளம் என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவதாக ஒரு பெண் ஊழியரையும் அழைத்திருக்கிறார். அவர் மறுத்துவிட்டு உரிமையாளரிடம் வந்து சொன்னார்.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊழியரை இழுக்கக் கூடாது என்ற ஷரத்து போனவரின் வாயைத்தான் கட்டுகிறது. இருக்கும் ஊழியரின் காலை அது கட்டாது. அந்த இரண்டு பேரும் எங்கே வேண்டுமானாலும் வேலைக்குச் சேரலாம், அவர்களைத் திரும்பக் கேட்க நமக்கு வழியே இல்லை. விப்ரோவுக்கும் பெக்மேன் கோல்ட்டருக்கும் நடந்த வழக்கிலும் (2006, டெல்லி) இதே பாகுபாடு இருக்கிறது. ஒருவர் ஆட்களை மற்றவர் இழுக்கக் கூடாது என்று இரண்டு கம்பெனிகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ஊழியரின் வேலை உரிமையை அது தொடவில்லை என்பதால் செல்லும் என்றது நீதிமன்றம். போய்ச் சேர்ந்துவிட்டவர்களைப் பிரித்து எடுக்கவும் இல்லை. ஆனால் அங்கே பத்திரிகை விளம்பரமே இழுத்ததாகக் கருதப்பட்டது. அதனால் விளம்பரம் என்றாலே தப்பித்துவிடலாம் என்று எண்ணிவிட முடியாது, யாரைக் குறிவைத்து எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். புது நிறுவனத்தின் விளம்பரத்தை வாசித்தேன். அனுபவமுள்ள ஆவண உதவியாளர் தேவை என்ற வழக்கமான விளம்பரம்தான். அந்தப் பையனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு உரிமையாளருக்குக் கசந்தது. நிறுத்தி வைத்த பணத்தை முதலில் கொடுங்கள் என்றேன். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 32,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஏழு வருடத்தால் பெருக்கினால் கிராஜுவிட்டி சுமார் 1,29,230 ரூபாய். அதை 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதித்தால் வட்டி. போட்டிக் கம்பெனிக்குப் போனார் என்பது அதைப் பிடித்து வைக்கக் காரணமே ஆகாது.

"துரோகம் பண்ணினவனுக்கு நான் பணம் குடுக்கணுமா சார்?"

"அண்ணாச்சி, நீங்க அவருக்கு ஒரு தப்புப் பண்ணி வச்சுக்கிட்டு, அவர் பண்ணின தப்பைத் தடுக்கணும்னு கோர்ட்ல போய் நிக்க முடியாது."

இடைக்காலத் தடை கேட்பவர் சுத்தமான கையோடு வந்திருக்கிறாரா என்றும் நீதிபதி பார்ப்பார். முகாந்திரம், யாருக்கு அதிகச் சிரமம், பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு என்ற மூன்றும் இருந்தாலும் அது தனியாக நிற்கும். ஒரு நாள் யோசித்தார். பிறகு கிராஜுவிட்டியையும் நோட்டீஸ் காலச் சம்பளத்தையும் கொடுத்தார், ரிலீவிங் கடிதமும் போனது.

அப்புறம் நோட்டீஸ். மூன்றே கோரிக்கைகள். ரேட் ஷீட்டைத் திருப்பித் தந்து எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும். பெயர் குறிப்பிட்ட 14 பார்ட்டிகளுக்குத் தானாகச் சென்று ரேட் கொடுப்பதையோ புக்கிங் கேட்பதையோ டிசம்பர் 5 வரை, அதாவது விலகிய நாளிலிருந்து ஆறு மாதம், செய்யக் கூடாது. நம் ஊழியர்களை அதே காலத்துக்கு வேலைக்கு அழைக்கக் கூடாது. ஆறு மாதம் என்று வைத்ததற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. கடல் சரக்கு ரேட் அடிக்கடி மாறுகிறது. டிசம்பரில் அந்த ஷீட் வெறும் காகிதம். அதற்கு மேல் கேட்டால் பாதுகாக்க ஒன்றும் இல்லாமல் தடை மட்டும் கேட்பதாக ஆகும், அது நான்-காம்பீட்டின் நிழலாகத் தெரியும்.

போன பார்ட்டிகளைத் திருப்பி அனுப்பு என்று எங்கும் கேட்கவில்லை. பார்ட்டி யாருடைய சொத்தும் இல்லை, அவர்கள் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போடவில்லை.

புது நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போனது. மிரட்டல் இல்லாமல், உங்கள் ஊழியரிடம் எங்கள் ரேட் ஷீட் இருக்கலாம், இது எங்கள் ஆதாரம், இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மட்டும். திருடன் என்ற சொல்லை உரிமையாளர் சேர்க்கச் சொன்னார். சேர்த்திருந்தால் அவதூறு என்று அவர்கள் பக்கம் ஒரு வழக்கு பிறந்திருக்கும்.

நடந்தது

பதில் நோட்டீஸ் எதிர்பார்த்தபடி வந்தது. 15ஆவது ஷரத்துக்குக் கால வரம்பே இல்லை, ஆகவே அது வாழ்நாள் தடை, 27ஆவது பிரிவின்படி செல்லாது. அனுப்பியது நிறுவனம்தான், அவர் விலகவில்லை. மூன்றாவதாக ஒன்று நான் செய்த தவறு. முந்திரிப் பார்ட்டியையும் இழுத்ததாக நோட்டீஸில் எழுதிவிட்டேன். ஆதாரம் இல்லை என்று என் குறிப்பிலேயே இருந்தது, உரிமையாளரின் உறுதியான பேச்சை நம்பிச் சேர்த்தேன். அந்தப் பார்ட்டியே தான்தான் அழைத்ததாகக் கடிதம் கொடுத்துவிட்டார். ஒரு பொய்யான வரி மற்ற நான்கு உண்மையான வரிகளின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவந்தது. சமரசப் பேச்சில் நாங்கள் பணம் கேட்காமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் கடைசியில் என் ஆபீசில் உட்கார்ந்தோம். மேலாளர் முதலில் மறுத்தார். வாட்ஸ்அப் செய்திகளையும் மெயில் பதிவையும் எதிரில் வைத்தபோது பேச்சு மாறியது.

"அண்ணாச்சி, ஏழு வருஷம் இருந்தேன். மூணு நாள்ல வெளிய போகச் சொன்னீங்க. அந்தக் கோவத்துல அனுப்பினேன்" என்றார்.

"ஷீட்டு அதுக்கு முன்னாடியே போயிருக்கே, தம்பி."

அவர் பதில் சொல்லவில்லை.

எழுத்து மூலம் உறுதி வாங்கினோம். ஷீட் அழிக்கப்பட்டது, 14 பார்ட்டிகளைத் தானாக அணுகுவதில்லை, ஊழியர்களை அழைப்பதில்லை, டிசம்பர் 5 வரை. பார்ட்டி தானாக அழைத்தால் பேசலாம், ஆனால் நம் ரேட்டைக் குறிப்பிட்டு ஒப்பிட்டுப் பேசக் கூடாது. பணக் கோரிக்கை எதுவும் இல்லை. புது நிறுவனமும் ஷீட்டைப் பயன்படுத்த மாட்டோம் என்று தனியாகக் கடிதம் தந்தது.

பொள்ளாச்சிப் பார்ட்டி அக்டோபரிலிருந்து பாதி புக்கிங்கை இங்கே திருப்பிக் கொடுத்தது. கரூர் வரவில்லை. கோவில்பட்டி, இராஜபாளையம், முந்திரி மூன்றும் அங்கேயே நின்றன. அவை நமக்குச் சட்டப்படி வரவேண்டியவையும் அல்ல. மீதி ஒன்பது பார்ட்டிகளில் எதுவும் அதற்குப் பிறகு போகவில்லை. மேலாளர் அதே ஊரில், அதே தொழிலில் இருக்கிறார்.

இனி எப்படி எழுதுகிறோம்

14ஆவது ஷரத்தை எடுத்துவிட்டோம். அது காகிதத்தில் இருந்தவரை உரிமையாளருக்குத் தனக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்ற எண்ணம் இருந்தது, அதனால் கைமாற்றத்தை அவர் கவனிக்கவே இல்லை. 15ஆவது ஷரத்து இப்போது இப்படி இருக்கிறது:

"வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு, அதற்கு முந்தைய 12 மாதத்தில் நான் நேரடியாகக் கையாண்ட, இத்துடன் இணைத்துள்ள பட்டியலில் உள்ள வாடிக்கையாளர்களிடம் நானாக முன்வந்து இதே சேவைக்கு ரேட் தருவதோ புக்கிங் கேட்பதோ செய்ய மாட்டேன். வாடிக்கையாளர் தாமாக என்னை அணுகுவதும், யாரையும் குறிவைக்காத பொது விளம்பரமும், நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிவிப்பதும் இதில் அடங்காது. நான் எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய இந்த ஷரத்து தடையாக இருக்காது."

கடைசி வரி நிறுவனத்துக்கு எதிராக எழுதியது போலத் தெரியும். அதுதான் மற்ற வரிகளை 27ஆவது பிரிவிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது. பட்டியல் ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பிக்கப்பட்டு ஊழியரின் கையெழுத்து வாங்கப்படுகிறது. விலகும் வாரத்தில் பட்டியல் போட்டால் அதுவே சண்டையாகிவிடும்.

ஊழியர்களுக்குத் தனி வரி. ரேட் ஷீட்டுக்குத் தனி ரகசிய ஒப்பந்தம், அதற்குக் கால வரம்பு வேறு. விற்பனையில் இருக்கும் ஆறு பேருக்கும் கம்பெனி சிம் கொடுத்தாகிவிட்டது, பார்ட்டிகளிடம் அந்த எண்தான் இருக்கிறது. வாங்கும் ரேட்டும் விற்கும் ரேட்டும் ஒரே ஷீட்டில் இனி இல்லை. ராஜினாமா வந்தால் அன்றே உரிமையாளர் அந்த ஆளின் பார்ட்டிகளைத் தானே கூப்பிட்டு, இனி யார் பார்ப்பார் என்று சொல்கிறார். நோட்டீஸ் காலத்தில் ஆளை ஆபீசில் வைத்திருக்க விருப்பமில்லை என்றால், முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்கிறோம். அந்த நாட்களில் அவர் இன்னும் நம் ஊழியர்தான், போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்போது முழுதாக நிற்கிறது.

அடுத்த பிப்ரவரியில் இன்னொரு விற்பனையாளர் ராஜினாமா கொடுத்தார். அவரும் இதே தொழிலுக்குத்தான் போகிறார் என்று தெரிந்தது. உரிமையாளர் எனக்குப் போன் செய்தார். கோபம் இருந்தது. ஆனால் எனக்குச் சொல்வதற்கு முன்பே அவருடைய எட்டு பார்ட்டிகளையும் கூப்பிட்டுப் பேசி முடித்திருந்தார்.